நடுவில் வெட்டினால் வலது பக்கமும் ஏன் ஒட்டிக்கொண்டு வருகிறது?

*அண்ணே, பினாங்கில் அச்சான எங்கள் தாத்தாவின் பாட்டுப் புத்தகத்தை போட்டோஸ்டாட் கடையில் கொடுத்து ஸ்கேன் செய்தேன். புத்தகம் 164 பக்கம், 12 செ.மீ. அகலம், 18 செ.மீ. உயரம். விரித்து வைத்து எடுத்ததால் 85 பக்கத்தில் பிடிஎஃப் வந்திருக்கிறது, ஒவ்வொன்றிலும் இரண்டு பக்கம். நடுவில் வெட்டித் தரும் ஒரு ஆன்லைன் தளத்தில் போட்டேன். முதல் துண்டில் இடது பக்கம் முழுசும் வலது பக்கத்தில் முக்கால்வாசியும் வந்தது. அடுத்த துண்டில் மிச்சக் காலும் வெறும் வெள்ளையும். இதை எப்படி ஒழுங்காகத் தனித்தனிப் பக்கமாக்குவது? புத்தகம் அத்தையோடு ஈப்போவுக்குப் போய்விட்டது, திரும்ப ஸ்கேன் செய்ய வழியில்லை.*

தம்பி, நீங்கள் சொன்ன அந்த முக்கால், கால் கணக்கே என்ன நடந்தது என்று காட்டிக்கொடுத்துவிட்டது. கடைக்காரர் மெஷினை ஏ3 அளவில் வைத்து எடுத்திருக்கிறார். ஏ3 தாள் படுக்கைவாட்டில் 42 செ.மீ. அகலம். உங்கள் புத்தகம் விரித்தால் 24 செ.மீ. அதைக் கண்ணாடியின் மூலையில் ஒட்டி வைத்திருக்கிறார்கள், மீதி 18 செ.மீ. சும்மா கிடக்கிறது. தளம் வெட்டியது தாளின் நடுவை, அதாவது 21வது செ.மீ.யை. புத்தகத்தின் நடுமடிப்போ 12வது செ.மீ.யில் இருக்கிறது. ஆக, மடிப்பைத் தாண்டி 9 செ.மீ. வலது பக்கமும் முதல் துண்டோடு போய்விட்டது. 12க்கு 9 என்பது சரியாக முக்கால். தளத்தின் மேல் குற்றமில்லை, அதற்குத் தாள்தான் தெரியும், புத்தகம் தெரியாது.

சரி, அப்படியென்றால் 24 செ.மீ.க்கு ஓரத்தை வெட்டிவிட்டு, அதை நடுவில் பிளந்தால் முடிந்ததா? பாதி முடியும். நடுமடிப்பு எல்லாப் படத்திலும் ஒரே இடத்தில் நிற்காது. புத்தகத்தின் ஆரம்பத்தில் இடப்பக்கம் அட்டை மட்டும்தான், வலப்பக்கம் மொத்தக் கட்டும் இருக்கும். போகப்போக கட்டு இந்தப் பக்கம் மாறிவிடும். கட்டின் கனத்துக்கு ஏற்ப முதுகு கண்ணாடியில் கொஞ்சம் கொஞ்சமாக நகரும். அதோடு ஒவ்வொரு முறையும் கையால் திருப்பி வைக்கும்போது ஏற்படும் கோணல் வேறு. ஒரு சென்டிமீட்டர் தடிமனுள்ள புத்தகத்தில் முதல் படத்துக்கும் கடைசிப் படத்துக்கும் நடுவே மடிப்பு 4, 5 மி.மீ. நகர்ந்திருப்பதை நான் பார்த்திருக்கிறேன். 300 டிபிஐ ஸ்கேனில் ஒரு மி.மீ. என்பது கிட்டத்தட்ட 12 பிக்சல், ஆகவே 5 மி.மீ. என்றால் 60 பிக்சல். பழைய பாட்டுப் புத்தகங்களில் பக்கவாட்டில் ஊசி குத்தித் தைத்திருப்பார்கள், உள் ஓரம் ஏற்கெனவே ஒட்டக் குறைந்திருக்கும். அந்த 60 பிக்சலில் ஒவ்வொரு வரியிலும் ஓர் எழுத்து காணாமல் போகும். அதனால்தான் ஒரே கோட்டில் எல்லாப் படத்தையும் வெட்டக் கூடாது, ஒவ்வொரு படத்துக்கும் அதனதன் மடிப்பைப் பார்த்து வெட்ட வேண்டும். அதற்கென்றே எழுதப்பட்ட இலவச மென்பொருள் ஸ்கேன்டெய்லர். இப்போது பயன்படுத்த வேண்டியது ஸ்கேன்டெய்லர் அட்வான்ஸ்ட் என்ற பதிப்பு. ஆனால் அது பிடிஎஃப்பைத் திறக்காது, படங்களைத்தான் கேட்கும். எனவே முதல் வேலை பிடிஎஃப்பிலிருந்து படங்களை வெளியே எடுப்பது.

இந்த இடத்தில்தான் பலர் தரத்தைக் கெடுத்துக்கொள்கிறார்கள். பிடிஎஃப்பை ஏதோ ஒரு கன்வர்ட்டரில் போட்டு ஜேபெக்காக மாற்றுவார்கள். அது உள்ளே இருக்கும் படத்தைப் பிரித்து, வேறு அளவில் வரைந்து, மறுபடியும் அமுக்கிக் கொடுக்கும். தேவையே இல்லை. ஸ்கேன் பிடிஎஃப் என்பது ஒரு பெட்டி, படங்கள் அதற்குள் முழுசாக அப்படியே இருக்கின்றன. பெட்டியைத் திறந்து எடுத்துக்கொண்டால் போதும். நான் உபுண்டுவில் செய்கிறேன். விண்டோஸ் என்றால் அதற்குள்ளேயே லினக்ஸை ஓட்டும் டபிள்யூஎஸ்எல் போட்டுக்கொண்டு இதே கட்டளைகளைத் தரலாம், ஸ்கேன்டெய்லரை மட்டும் விண்டோஸிலேயே நிறுவிக்கொள்ளுங்கள்.

```
sudo apt install poppler-utils libjpeg-turbo-progs img2pdf imagemagick mupdf-tools
pdfimages -list nool.pdf
```

இரண்டாவது வரி எதையும் எடுக்காது, உள்ளே என்ன இருக்கிறது என்று பட்டியல் மட்டும் தரும். அவசரப்படாமல் அந்தப் பட்டியலைப் படியுங்கள். `width`, `height` என்ற இடத்தில் 4960, 3508ஐ ஒட்டிய எண்களும், `x-ppi` என்ற இடத்தில் 300ம் இருந்தால் நான் ஊகித்தபடி 300 டிபிஐயில் எடுத்த ஏ3தான். 200 என்று இருந்தால் கீழே நான் சொல்லும் பிக்சல் கணக்கையெல்லாம் மூன்றில் இரண்டாகக் குறைத்துக்கொள்ளுங்கள். `enc` என்ற இடத்தில் `jpeg` என்று இருக்க வேண்டும். `page` என்ற முதல் நிரலில் 1, 2, 3 என்று ஒவ்வொரு எண்ணும் ஒரே ஒரு முறை வர வேண்டும்.

ஒரே பக்க எண் மூன்று நான்கு வரிகளில் வந்து, `type` என்ற இடத்தில் `smask`, `stencil` என்றெல்லாம் இருந்தால் கடை மெஷின் கோப்பைச் சிறிதாக்குவதற்காக ஒரு பக்கத்தை அடுக்கடுக்காகப் பிரித்து வைத்திருக்கிறது என்று பொருள். மங்கலான பின்னணித் தாள் ஓர் அடுக்கு, எழுத்து இன்னோர் அடுக்கு. அப்படிப்பட்ட கோப்பிலிருந்து படங்களை எடுத்தால் ஒரு கோப்பில் எழுத்தில்லாத காகிதமும் மற்றொன்றில் காகிதமில்லாத எழுத்துமாக வந்து நிற்கும். அப்போது மட்டும் `pdftoppm -r 300 -png nool.pdf p` என்று கொடுத்து அடுக்குகளைச் சேர்த்து வரையச் சொல்ல வேண்டும். இதில் எண்கள் 1லிருந்து தொடங்கும் என்பதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ஸ்கேன்டெய்லர் பிஎன்ஜியையும் ஏற்கும். பக்கத்துக்கு ஒரு படம் என்று ஒழுங்காக இருந்தால் கீழே உள்ளது போதும்.

```
mkdir -p padam/crop
pdfimages -all nool.pdf padam/p
cd padam
for f in p-*.jpg; do
  jpegtran -copy all -crop 2960x2256+0+0 -outfile crop/$f $f
done
```

`p-000.jpg` முதல் `p-084.jpg` வரை 85 கோப்புகள் வரும். அதற்கடுத்த வரிகள் ஏ3யின் வெற்றிடத்தை வெட்டி எறிகின்றன. 2960 பிக்சல் என்பது 25 செ.மீ., 2256 என்பது 19 செ.மீ. புத்தகத்தைவிட ஒரு சென்டிமீட்டர் தாராளமாக விட்டிருக்கிறேன். `jpegtran` படத்தை மறுபடி அமுக்குவதில்லை. ஜேபெக் என்பது சின்னச் சின்னக் கட்டங்களாக அடுக்கப்பட்ட படம், இது வேண்டாத கட்டங்களை மட்டும் உதிர்த்துவிட்டு மீதியைத் தொடாமல் விடுகிறது. `+0+0` என்பது இடது மேல் மூலையிலிருந்து என்று பொருள். உங்கள் படத்தில் புத்தகம் வலது மேல் மூலையில் இருந்தால் அந்த `+0+0`க்குப் பதில் `+2000+0` (4960இலிருந்து 2960ஐக் கழித்த மிச்சம்). முதலில் நாலைந்து படங்களைத் திறந்து எந்த மூலை என்று பார்த்துவிட்டு ஓட்டுங்கள்.

இங்கே ஒரு வேடிக்கை. கடைப் பையன் சில நேரம் புத்தகத்தைத் தலைகீழாகத் திருப்பி வைத்திருப்பான், நடுவில் பத்துப் பதினைந்து படங்கள் கவிழ்ந்து வரும். அதைக் கண்டு பயப்பட வேண்டாம். புத்தகம் எப்படித் திரும்பினாலும் கண்ணாடியின் மூலை மாறாது, ஆகவே இந்த ஓர வெட்டு எல்லாப் படத்துக்கும் பொருந்தும். முதலில் ஓரத்தை வெட்டிவிட்டு அப்புறம் படத்தைத் திருப்புங்கள். வரிசையை மாற்றினால்தான் வம்பு.

ஓரத்தை ஏன் ஸ்கேன்டெய்லரிடமே விடக்கூடாது என்று கேட்கலாம். விட்டுப் பார்த்தேன். 18 செ.மீ. வெற்றிடத்தோடு கொடுத்தால் அது புத்தகத்தின் வலது விளிம்பையே நடுமடிப்பு என்று நினைத்துக்கொண்டு, இரண்டு பக்கத்தையும் ஒரு பக்கமாக்கி வெற்றிடத்தைக் கழிவாக ஒதுக்கிவிடுகிறது. 85 படத்தையும் ஒவ்வொன்றாகத் திருத்துவதற்கு இந்த ஒரு வரி வெட்டு எவ்வளவோ மேல்.

ஓரம் வெட்டிய பிறகு படங்களை வேகமாக ஒரு முறை புரட்டிப் பாருங்கள். மடிப்பு எல்லாவற்றிலும் ஏறக்குறைய நட்டநடுவில், ஒரு மி.மீ. இரண்டு மி.மீ.க்குள் நிற்கிறது, உள் ஓரமும் தாராளமாக இருக்கிறது என்றால் உங்களுக்குக் குறுக்கு வழி உண்டு. படங்களை `img2pdf`ஆல் சேர்த்து, `mutool poster -x 2 irattai.pdf thani.pdf` என்று கொடுத்தால் ஒரு நிமிடத்தில் எல்லாம் இரண்டிரண்டாகப் பிரிந்துவிடும். அது உண்மையில் எதையும் வெட்டுவதில்லை, ஒரே படத்தைப் பாதி மட்டும் தெரிகிற ஜன்னல் வழியாக இரண்டு முறை காட்டுகிறது. தரம் குறையாது, கோப்பும் பெருக்காது. போனில் படித்தால் போதும் என்பவர்களுக்கு அதுவே தாராளம். அட்டைகூட இரண்டாகப் பிளந்துவிடும் என்பதும், கோணல் கோணலாகவே இருக்கும் என்பதும்தான் குறை. தாத்தாவின் புத்தகம் என்கிறீர்கள், நான் நீங்களாக இருந்தால் ஒரு சனிக்கிழமை மாலையை இதற்கு ஒதுக்குவேன்.

ஸ்கேன்டெய்லரில் புதிய ப்ராஜெக்ட் திறந்து `crop` கோப்புறையைக் காட்டுங்கள். டிபிஐ தெரியவில்லை என்று கேட்டால் 300 என்று கொடுங்கள், கண்ணை மூடிக்கொண்டு கொடுக்காதீர்கள். பட்டியலில் `x-ppi` என்ன காட்டியதோ அதையே கொடுக்க வேண்டும். தவறாகக் கொடுத்தால் பின்னால் பக்கம் தபால்தலை அளவிலோ திண்ணை அளவிலோ வரும், எழுத்தின் அளவை வைத்து அது செய்யும் ஊகங்களும் தப்பும். இடப்பக்கம் ஆறு படிகள் வரிசையாகத் தெரியும். முதல் படி `Fix Orientation`. கவிழ்ந்த படங்களைத் தேர்ந்து நேராக்குங்கள், அவ்வளவுதான்.

இரண்டாவது படி `Split Pages`. உங்கள் கேள்விக்கான பதிலே இந்தப் படிதான். இதில் மூன்று சின்னங்கள் இருக்கும்: வெட்டாத ஒற்றைப் பக்கம், ஓரத்தில் கழிவு உள்ள ஒற்றைப் பக்கம், இரட்டைப் பக்கம். தானாகக் கண்டுபிடிக்க விட்டால் சில படங்களை ஒற்றை என்று சொல்லிவிடும். அதனால் முதலில் `Change ...` என்பதை அழுத்தி, எல்லாப் பக்கத்துக்கும் இரட்டை என்று நிர்ணயித்துவிடுங்கள். பிறகு முன்னட்டை, பின்னட்டை இரண்டை மட்டும் ஒற்றைக்கு மாற்றுங்கள். இப்போது இடதுபுறப் படியின் ஓட்டு பொத்தானை அழுத்தினால் 85 படத்துக்கும் அது கோடு போட்டு முடிக்கும்.

கோடு போட்டதும் வேலை முடிந்தது என்று நம்பி அடுத்த படிக்கு ஓடாதீர்கள். வலப்பக்கம் சின்னச் சின்னப் படங்களாக வரிசை தெரியும், அதை மெதுவாக உருட்டிக்கொண்டே போனால் கோடு தப்பிய இடங்கள் கண்ணில் படும். மடிப்பின் நிழலைத்தான் அது தேடுகிறது. நிழல் மங்கலாக இருந்தால் இரண்டு எழுத்துப் பத்திகளுக்கு நடுவிலுள்ள வெள்ளையைத் தேடும். பாட்டுப் புத்தகத்தில் இங்கேதான் சறுக்கும். பாட்டின் அடிகள் குட்டையானவை, வலது பக்கம் பாதிக்கு மேல் வெள்ளையாகவே கிடக்கும், அந்த வெள்ளைக்குள் கோடு போய் நின்றிருக்கும். பக்கத்தைச் சுற்றிக் கட்டம் கட்டிய பூவேலை இருந்தால் அதன் செங்குத்துக் கோட்டை மடிப்பு என்று நினைத்துவிடும். என் அனுபவத்தில் 85க்கு எட்டுப் பத்துப் படங்களைக் கையால் திருத்த வேண்டி வரும். கோட்டின் மேல் முனையையும் கீழ் முனையையும் தனித்தனியே இழுக்கலாம். புத்தகம் சாய்ந்து கிடந்தால் கோட்டையும் சாய்த்துப் போடுங்கள்.

கோட்டை எங்கே நிறுத்துவது என்பதில் ஒரு பிடிவாதம் எனக்கு உண்டு. இரண்டு பக்க எழுத்துகளுக்கும் நடுவில் பார்வைக்கு அழகாகத் தெரியும் இடத்தில் வைக்காமல், நிழல் எங்கே அடர்த்தியாகக் கறுத்திருக்கிறதோ அங்கே வையுங்கள். காகிதம் உள்ளே இறங்கித் தையலைத் தொடும் இடம் அதுதான். மற்ற எந்த இடமும் யாரோ ஒரு பக்கத்தின் சொத்து. நிழல் ஒரு பக்கத்தில் கறுப்புப் பட்டையாக ஒட்டிக்கொண்டு வந்தால் வரட்டும், பின்னால் துடைத்துக்கொள்ளலாம். வெட்டுப்பட்ட எழுத்தைப் பின்னால் ஒட்ட முடியாது. இன்னொன்று, இந்தக் கோடு ஒரு குறிப்பு மட்டுமே. உங்கள் மூலப்படத்தை அது தொடுவதில்லை, எப்போது வேண்டுமானாலும் திரும்பி வந்து நகர்த்தலாம்.

மூன்றாவது படி `Deskew`, கோணலை நிமிர்த்துவது. இது ஏன் பிரித்த பிறகு வருகிறது என்று யோசித்துப் பாருங்கள். விரித்த புத்தகத்தில் இடது பக்கம் ஒரு திசையிலும் வலது பக்கம் எதிர்த்திசையிலும் லேசாகச் சாய்ந்திருக்கும், விசிறி விரிந்தது போல. பிரிக்காமல் மொத்தமாக நிமிர்த்தினால் ஒன்றை நேராக்கி மற்றதை இரட்டிப்பாகச் சாய்ப்பீர்கள். பினாங்குக் காற்றில் ஐம்பது அறுபது வருடம் ஊறிய காகிதத்துக்கு நமுத்துப்போன நெளிவு வேறு இருக்கும், அதை முழுசாக நேராக்க முயலவும் வேண்டாம். கடைசிப் படியில் `Dewarping` என்று வளைவை நிமிர்த்தும் வசதி ஒன்று இருக்கிறது. உரைநடைப் புத்தகத்துக்கு நன்றாக வேலை செய்யும். பாட்டுப் புத்தகத்தில் அதற்குப் பிடிமானமாக நீண்ட வரிகள் கிடைப்பதில்லை, நேராக இருந்த அடிகளை அலையலையாக்கி வைக்கிறது. 82 தாள் கொண்ட மெல்லிய புத்தகத்தில் வளைவும் அதிகம் இராது. அணைத்தே வைத்துவிடுங்கள்.

நாலாவது படி `Select Content`. எழுத்துள்ள பகுதியைச் சுற்றி ஒரு கட்டம் போடும். நிழல் பட்டையும், எதிர்ப்பக்கத்திலிருந்து எட்டிப் பார்க்கும் துண்டு எழுத்தும் இந்தக் கட்டத்துக்கு வெளியே போய்விடும். இந்தப் படியில் பக்கங்களைக் கட்டத்தின் அகல வரிசையில் அடுக்கும் வசதி இருக்கிறது, `Order by increasing width` என்று. அதைப் போட்டால் வரிசையின் இரு கோடிகளிலும் தகராறான பக்கங்கள் வந்து குவியும். மிக அகலமானவற்றில் நிழல் உள்ளே மாட்டியிருக்கும், மிகக் குறுகியவற்றில் எழுத்து வெளியே தள்ளப்பட்டிருக்கும் அல்லது பக்க எண் மட்டும் விடுபட்டிருக்கும். முன்படியில் நீங்கள் தவறவிட்ட தப்புக் கோடும் இங்கே பிடிபடும். 168 பக்கத்தையும் பார்ப்பதற்குப் பதில் இரு கோடியிலும் இருபது இருபது பார்த்தால் போதும். `Margins` படியில் சுற்றிலும் 8, 10 மி.மீ. கொடுத்து எல்லாப் பக்கத்துக்கும் பொதுவாக்கிவிடுங்கள். பக்கங்கள் ஒரே அளவில் வரும்.

கடைசிப் படி `Output`. இங்கே நான் பட்ட பாட்டைச் சொல்லியாக வேண்டும். சில வருடங்களுக்கு முன் இங்கே ஒரு கோயிலின் பழைய விழா மலரைச் செய்துகொண்டிருந்தேன். காகிதமெல்லாம் ராமபாணப் பூச்சி தின்ற ஓட்டையும் துருப்பொட்டும். கறுப்பு வெள்ளையில் வைத்து, பொட்டு நீக்கும் `Despeckle` வசதியைப் பலமாக ஏற்றிவிட்டேன். பக்கம் பளிச்சென்று வந்தது, சந்தோஷமாக இணைத்து நாலு பேருக்கு அனுப்பியும்விட்டேன். ஒரு பெரியவர்தான் போன் போட்டு, "என்னப்பா, பக்தர்களை எல்லாம் பகதரகள் ஆக்கிவிட்டாயே" என்றார். மெய்யெழுத்தின் புள்ளியையும் காகிதத்தின் பொட்டையும் மென்பொருளால் பிரித்துப் பார்க்க முடியவில்லை. ஈய அச்சில் ஒரு புள்ளி அரை மி.மீ.கூட இருக்காது, 300 டிபிஐயில் அது வெறும் நாலைந்து பிக்சல். ஆங்கிலத்தில் ஐ எழுத்தின் பொட்டு போனால் யாரும் கவனிக்கமாட்டார்கள். நமக்குப் புள்ளி போனால் சொல்லே போயிற்று. ஏட்டுச்சுவடியில் புள்ளி வைக்காமல் எழுதிய காலத்துக்கே புத்தகத்தைத் திருப்பி அனுப்பிவிட்டேன்.

ஆகவே `Despeckle` முழுசாக அணைந்திருக்கட்டும். பொட்டுகள் இருந்துவிட்டுப் போகட்டும், வயசான புத்தகம்தானே. எழுத்து தெளிவாகக் கறுப்பாக இருந்தால் `Black and White` தேர்ந்து 600 டிபிஐயில் வெளியிடுங்கள். மூலம் 300ஆக இருக்கும்போது 600 எதற்கு என்றால், கறுப்பு வெள்ளையாக மாறும்போது எழுத்தின் விளிம்பு படிக்கட்டு போல உடையும், இரட்டிப்பு அளவில் அந்த உடைசல் கண்ணுக்குத் தெரியாது. மை மங்கி, எழுத்தின் மெல்லிய சுழிகள் அறுந்து வருகின்றன என்றால் கறுப்பு வெள்ளையை விட்டுவிட்டு `Color / Grayscale`இல் 300ஆகவே வெளியிடுங்கள். முதலில் புள்ளிகள் நிறைந்த மூன்று பக்கத்தை மட்டும் வெளியிட்டு, பெரிதாக்கி, மூலப்படத்தோடு ஒவ்வொரு மெய்யெழுத்தாக ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு மொத்தத்தையும் ஓட்டுங்கள். புகைப்படம் உள்ள பக்கத்துக்கு மட்டும் `Mixed`.

இரண்டு பக்கத்துக்கும் குறுக்கே ஓடும் படம் ஏதாவது இருந்தால், குழுப் புகைப்படம் மாதிரி, அதை மற்றவை போலவே பிரித்துவிடுங்கள். பிரிக்காத முழுப்படத்தைப் பிடிஎஃப்பின் கடைசியில் தனியாக ஒரு பக்கமாகச் சேர்த்துக்கொள்ளுங்கள். நடுவிலேயே அகலப் பக்கமாக விட்டால் அதற்கப்புறம் இடது வலது மாறிப்போகும்.

ஸ்கேன்டெய்லர் வெளியிடும் கோப்புகள் `out` கோப்புறையில் `p-040_1L.tif`, `p-040_2R.tif` என்று இருக்கும். எல் இடது, ஆர் வலது, பெயர் வரிசையே பக்க வரிசை. இணைப்பதற்கு முன் எண்ணிப் பாருங்கள். 83 இரட்டைப் படங்கள் 166 பக்கம், அட்டை இரண்டு, ஆக 168. புத்தகத்தின் 164 பக்கத்தோடு அட்டையின் நான்கு முகங்கள் சேர்ந்தால் அதே 168.

எண்ணிக்கை சரியாக இருந்தாலும் ஏமாறலாம். ஒரு விரிப்பை இரண்டு முறை எடுத்து, இன்னொன்றை விட்டிருந்தால் மொத்தம் அதே வரும். அதற்குப் பக்க எண்தான் சாட்சி. `p-000` முன்னட்டை, `p-001` அட்டையின் உட்புறமும் 1ம் பக்கமும், `p-002` என்பது 2ம் 3ம். ஆகவே கோப்பு எண்ணை இரட்டித்து ஒன்றைக் கழித்தால் வலது பக்க எண். `p-040`இல் வலப்பக்கம் 79 இருக்க வேண்டும். இருந்தால் அதுவரை குறைவில்லை, அடுத்து `p-060`ஐப் பாருங்கள், 119. இல்லையென்றால் `p-020`ஐப் பாருங்கள், 39. இப்படிப் பாதி பாதியாகப் போனால் ஆறு ஏழு பார்வையில் பிசகிய இடம் கிடைத்துவிடும். ஒன்றை விட்டு வேறொன்றை இரட்டித்திருந்தால் பிசகு இரண்டு இடத்துக்கும் நடுவில் மட்டும் இருக்கும், ஆகவே பத்துப் படத்துக்கு ஒன்றாகவாவது பார்த்துவிடுங்கள். வலது பக்கத்தில் இரட்டைப்படை எண் வந்தாலே எங்கோ தலைகீழ் அல்லது வரிசை மாற்றம். பக்க எண் தமிழ் எண்களில் இருந்தாலும் கணக்கு இதுவேதான். முன்னுரைக்குத் தனி எண் இட்டிருந்தால் அத்தனை பக்கத்தைக் கழித்துக்கொண்டு பாருங்கள்.

```
cd crop/out
img2pdf *.tif -o ../../nool-thani.pdf
```

கறுப்பு வெள்ளை என்றால் 168 பக்கமும் பத்துப் பதினைந்து எம்பிக்குள் அடங்கும். வண்ணமாக வெளியிட்டிருந்தால் டிஃப் கோப்புகள் நூற்றுக்கணக்கில் எம்பி தின்னும். `mogrify -format jpg -quality 80 *.tif` என்று ஒரு முறை கொடுத்து, `*.tif`க்குப் பதில் `*.jpg`ஐச் சேருங்கள். சொல் தேடுவதற்காக ஓசிஆர் செய்வதாக இருந்தால் இந்தப் பிரித்த கோப்பில்தான் செய்ய வேண்டும். இரட்டைப் பக்கத்தில் செய்தால் இடது பக்க அடியின் தொடர்ச்சியாக வலது பக்க அடியைப் படித்து வைக்கும். பழைய லை, னை, ணை எழுத்துகளில் அது தடுமாறும் என்பதையும் எதிர்பார்த்துக்கொள்ளுங்கள்.

கணக்குப் பார்த்து ஒரு விரிப்பு விட்டுப்போயிருந்தது தெரிந்தால், உதாரணமாக `p-031`க்கும் `p-032`க்கும் நடுவே, அத்தையிடம் அந்த இரண்டு பக்கத்தை மட்டும் போனில் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள். ஜன்னலோரப் பகல் வெளிச்சத்தில், போனைப் புத்தகத்துக்கு நேர் மேலே பிடித்து எடுக்க வேண்டும், வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பாமல் டாக்குமெண்டாக அனுப்ப வேண்டும். இல்லையென்றால் பாதித் தரம் வழியிலேயே போய்விடும். வந்த படத்துக்கு `p-031a.jpg` என்று பெயர் வைத்து, ப்ராஜெக்ட்டில் `p-031`க்கு அடுத்துச் சேருங்கள். டிபிஐ கேட்கும்போது, புத்தகம் படத்தில் எத்தனை பிக்சல் அகலம் இருக்கிறது என்று பார்த்து 9.45ஆல் வகுத்துக் கொடுங்கள், 24 செ.மீ.க்கு அத்தனை அங்குலம். 3780 பிக்சல் இருந்தால் 400. அந்த எண் சரியாக இருந்தால் போனில் எடுத்த பக்கமும் மற்றப் பக்கங்களும் ஒரே எழுத்தளவில் வந்து உட்காரும்.